பார்லர் மீது ஒரு பழி: முதல் போன் யாருக்கு?

"பஸ் ஸ்டாண்ட் எதிர்ல இருக்கிற பார்லர்ல டை போட்ட பொண்ணு முகமெல்லாம் வீங்கி ஐசியூல கிடக்குறா. எக்ஸ்பயரி ஆன டையைப் போடுறாங்க. யாரும் போகாதீங்க. எல்லா குரூப்புக்கும் ஷேர் பண்ணுங்க." கூடவே, கண் இமைகள் மூடிப்போகும் அளவுக்கு வீங்கிய ஒரு பெண்ணின் படம்.

ஒரு தாலுகா ஊரில் பல வருடங்களாகப் பெண்கள் அழகு நிலையம் நடத்தும் ஒருவருக்கு, வியாழக்கிழமை மாலை இந்த வாட்ஸ்அப் செய்தி வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்குவதற்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம்தான் இது. ஆனால் சலூன், பார்லர் வைத்திருப்பவர்கள் இதன் ஒவ்வொரு துண்டையும் எங்காவது பார்த்திருப்பார்கள். மறுநாள் முகூர்த்த நாள். இரண்டு மணப்பெண் அலங்காரங்கள் பதிவாகியிருக்கின்றன. கை நடுங்குகிறது. "இது முழுக்கப் பொய், போலீசுக்குப் போகிறேன்" என்று ஸ்டேட்டஸ் போடத்தான் மனம் துடிக்கும்.

அந்த ஸ்டேட்டஸைப் போடக்கூடாது. அதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. வதந்தியைக் கேள்விப்படாத வாடிக்கையாளர்களுக்கும் கடைக்காரரே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, செய்தி முழுக்கப் பொய்தானா என்று அவருக்கே அந்த நேரத்தில் தெரியாது என்பது. பரவுகிற செய்திகளில் பெரும்பாலானவை சுத்தமான கற்பனையாக இருப்பதில்லை. எங்கோ ஒரு சின்ன உண்மை இருக்கும். அதன் மேல் பொய் வளர்ந்திருக்கும். "முழுக்கப் பொய்" என்று சொன்ன பிறகு அந்தச் சின்ன உண்மை வெளியே வந்தால், மற்ற பொய்களும் உண்மையாகிவிடும். எனவே முதல் வேலை பதில் எழுதுவது அல்ல. செய்தியைப் பிரித்துப் பார்ப்பது.

அதற்கும் முன்னால், சில நிமிட வேலை ஒன்று உண்டு. செய்தியை அழிப்பதற்குள் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்பியவரின் எண், தேதி, நேரம், குரூப்பின் பெயர் எல்லாம் தெரியும்படி வெட்டாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுக்க வேண்டும். குரூப்பைத் திறந்து, செய்தி வரை நகர்த்திக் காட்டி ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் எடுத்தால் நல்லது. இன்ஸ்டாகிராம், முகநூல் பதிவானால் அதன் இணைப்பையும் கணக்கின் பெயரையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். செய்தி வந்த போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது. பின்னால் நீதிமன்றம் வரை போனால், பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டியிருக்கும். அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது பெரிய உதவி.

இனி செய்தியைப் பிரிப்போம். அதில் நான்கு கூற்றுகள் இருக்கின்றன: இந்தக் கடையில் ஒரு பெண் டை போட்டாள், அவளுக்கு முகம் வீங்கியது, அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள், டை காலாவதியானது. ஐந்தாவதாக ஒரு படம். ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

படத்தில் தொடங்குவது எளிது. கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தால், பழைய படமாக இருந்தால் பல சமயம் இதற்கு முன் எங்கே வந்தது என்று தெரிந்துவிடும். நம் உதாரணத்தில் அது வேறொரு நாட்டுச் செய்தித் தளத்தில் பல வருடங்களுக்கு முன் வந்த படம். தேடலில் எதுவும் கிடைக்காவிட்டால் படம் உண்மை என்று அர்த்தமில்லை. பொய் என்றும் அர்த்தமில்லை. அப்போது படத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே சரி.

காலாவதிக் குற்றச்சாட்டுக்கு அலமாரியைத் திறக்க வேண்டும். இருக்கிற எல்லா டை பெட்டிகளின் தேதியையும், கொள்முதல் ரசீதுகளையும் பார்த்துப் படமெடுத்து வைக்க வேண்டும். தேடும்போது தேதி கடந்த பெட்டி ஒன்று மூலையில் கிடைத்துவிட்டால்? நடக்கக்கூடியதுதான். அப்படியானால் "எங்களிடம் காலாவதிப் பொருளே இல்லை" என்ற வாக்கியம் பதிலில் வரக்கூடாது. அந்தப் பெண்ணுக்குப் போட்டது எந்தப் பெட்டி, அதன் தேதி என்ன என்பதை மட்டுமே சொல்ல முடியும். அதைச் சொல்லப் பதிவேடு இருக்க வேண்டும். டை போடும் ஒவ்வொருவருக்கும் தேதி, பிராண்ட், ஷேடு எண், பேட்ச் எண், பேட்ச் டெஸ்ட் செய்த நாள் ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி வைக்கும் கடைக்கு இந்த மாலை நேரம் பாதிச் சுமைதான். எழுதாத கடைக்கு நினைவு ஒன்றே சாட்சி; அது யாரையும் நம்ப வைக்காது.

பதிவேட்டைப் புரட்டியதும் நம் கடைக்காரருக்குச் சின்ன உண்மை கிடைக்கிறது. பத்து நாள் முன்பு ஒரு பெண் டை போட்டுக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து காதோரம் அரிக்கிறது என்று போன் செய்தாள். "எண்ணெய் தடவும்மா, சரியாயிடும்" என்று கடைப் பெண் ஒருத்தி சொல்லி வைத்துவிட்டாள். அந்தப் பெண் பிறகு டாக்டரிடம் போய் மருந்து வாங்கியிருக்கிறாள். அவள் வீட்டில் யாரோ யாரிடமோ சொல்ல, சொன்னதில் ஐசியூ சேர்ந்தது. வேறொருவர் கையில் இணையப் படம் சேர்ந்தது. காலாவதி எங்கே சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது.

இங்கே டையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். நிரந்தரக் கருப்பு டைகளில் பெரும்பாலானவற்றில் பிபிடி எனப்படும் பாராஃபினிலின்டையமின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிலருக்கு அது ஒவ்வாது. அரிப்பும் சிவப்பும் வீக்கமும் பெரும்பாலும் உடனே வராது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். காதோரம், நெற்றி ஓரம், கழுத்து, இமை ஆகிய இடங்களில் தெரியும். பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் டை போட்டவருக்கும் ஒருநாள் திடீரென்று வரலாம். அம்மோனியா இல்லாத டை என்றால் பிபிடி இல்லை என்று பொருளல்ல. சீக்கிரம் சிவக்கும் என்று விற்கும் 'கருப்பு மருதாணி'யிலும் இது கலந்திருப்பதுண்டு. அதை முன்பு கையில் போட்டவர்களுக்கு டை ஒவ்வாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது. இதனால்தான் டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பே காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். அதாவது புத்தம் புதிய, தரமான டையாலும் இது நடக்கும். இந்த விவரம் கடைக்காரருக்குத் தற்காப்பு போலத் தெரியும். ஆனால் பேட்ச் டெஸ்ட் செய்யாமல் போட்டிருந்தால், அவர்மேல் உள்ள குறையும் இதே விவரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது முதல் போன். அது போலீசுக்கோ வக்கீலுக்கோ குரூப் அட்மினுக்கோ அல்ல, அந்தப் பெண்ணுக்கு.

பேச வேண்டியவர் கடையின் உரிமையாளர். வேலை செய்யும் பெண் அல்ல. முதல் கேள்வி செய்தியைப் பற்றி இருக்கக்கூடாது. "தங்கச்சி, நான் பார்லர் அக்கா பேசுறேன். காதோரம் அரிக்குதுன்னு போன் பண்ணியிருந்தியாமே, இப்ப எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று தொடங்கலாம். பதில் வரும்வரை குறுக்கிடக்கூடாது. அவள் கோபமாக இருந்தால் கோபத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "அன்னைக்கே உன்னை வரச்சொல்லிப் பார்த்திருக்கணும், எண்ணெய் தடவச் சொன்னது தப்பு" என்பதைச் சொல்லிவிடலாம். அது நடந்த உண்மை. "உனக்குத்தான் அலர்ஜி உடம்பு" என்பதைச் சொல்லக்கூடாது. அது உண்மையாகவே இருந்தாலும் பழியை அவள் தலையில் போடுவதாகத்தான் கேட்கும். அதற்குப் பதிலாக, டப்பாவில் இருந்த பொருளின் பெயரைச் சொல்லி, டாக்டரிடம் அதைக் காட்டச் சொல்ல வேண்டும். இனி எங்கும் அந்த வகை டை போட வேண்டாம், கருப்பு மருதாணியும் வேண்டாம் என்று எச்சரிக்க வேண்டும். இது அவளுக்கு வாழ்நாள் முழுக்கப் பயன்படும் தகவல்.

மருந்துச் செலவைத் தருவதானால் எந்த நிபந்தனையும் இல்லாமல் தர வேண்டும். "பணம் தர்றேன், மெசேஜை எடுத்துடு" என்று ஒரே மூச்சில் சொல்வதுதான் இந்த விஷயத்தில் நான் அடிக்கடி காணும் தவறு. அந்த வாக்கியம் மறுநாள் இன்னொரு ஸ்க்ரீன்ஷாட்டாகக் குரூப்பில் வரும்: "உண்மையாச்சே, அதான் காசு கொடுத்து வாயை அடைக்கிறாங்க." உடல்நலம், செலவு பற்றிய பேச்சு முடிந்த பிறகுதான், முடிந்தால் இரண்டாவது போனில், செய்தியைப் பற்றிக் கேட்கலாம். "உன் பேரு இல்லாம ஒரு மெசேஜ் சுத்துது, ஐசியூன்னு போட்டிருக்காங்க. நீ பார்த்தியா?" பெரும்பாலும் அவளுக்கே அது தெரியாது, தெரிந்தால் அதிர்ச்சிதான். தன் வீட்டுப் பேச்சிலிருந்து கிளம்பியது என்று தெரிந்தால், குரூப்பில் திருத்தம் போட அவளே முன்வரக்கூடும். பாதிக்கப்பட்டவள் எழுதும் இரண்டு வரிக்கு ஈடாகக் கடைக்காரரின் இரண்டு பக்கம் நிற்காது. அவள் விரும்பாவிட்டால் வற்புறுத்தக்கூடாது. "பெயர் சொல்லாமல், நலமாக இருக்கிறார் என்று மட்டும் நான் சொல்லலாமா?" என்று கேட்டு, சம்மதத்தை ஒரு வாட்ஸ்அப் வரியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குரூப் அட்மின். அவரிடம் போனில் சண்டையிடுவதைவிட, தனிச் செய்தியாக மூன்று விவரங்களை அனுப்பலாம்: படம் எங்கே வந்த பழைய படம் என்பதற்கான இணைப்பு, யாரும் தீவிர சிகிச்சையில் இல்லை என்ற தகவல், டை பெட்டியின் தேதி. வாட்ஸ்அப்பில் அட்மினால் மற்றவர் போட்ட செய்தியையும் எல்லோருக்கும் அழிக்க முடியும். பழைய செய்தியானால் முடியாமலும் போகலாம். அழித்தாலும் அந்தக் குரூப்பில் மட்டும்தான் போகும். ஏற்கெனவே ஃபார்வர்ட் ஆன பிரதிகள் அப்படியே இருக்கும். ஆகவே அழிக்கச் சொல்வதோடு, திருத்தம் போடவும் கேட்க வேண்டும். வெறுமனே அழித்தால் பார்த்தவர்களின் மனதில் அது உண்மையாகவே தங்கிவிடும்.

முதலில் அனுப்பியவர் யார் என்று தேடும் ஆசை எல்லோருக்கும் வரும். "உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று இரண்டு மூன்று பேரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் போவது வீண். ஃபார்வர்ட் செய்தியில் மூல அனுப்புநரின் பெயர் தெரியாது. இரட்டை அம்புக்குறி இருந்தால் பலமுறை கைமாறிய செய்தி என்று மட்டும் புரியும். எதிர்க்கடைக்காரர்தான் செய்திருப்பார் என்ற சந்தேகத்தைக் கடைக்குள்கூடப் பேசக்கூடாது. கடைப் பெண்கள் வாயிலாக அது வெளியே போனால், இப்போது வதந்தி பரப்புகிறவர் நாம் ஆகிவிடுவோம்.

இவ்வளவும் முடிந்த பிறகே பொதுப் பதில். அன்றிரவோ மறுநாள் காலையோ வந்தால் போதும். வதந்தி எங்கே சுற்றுகிறதோ அங்கேயே அது போக வேண்டும். ஊர்க் குரூப்பில் வந்த பழிக்குக் கடையின் இன்ஸ்டாகிராமில் பதில் சொன்னால், கேட்காதவர்களுக்குக் கதை சொல்வதாகத்தான் முடியும். பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். பஸ் ஸ்டாண்ட் எதிரில் உள்ள பார்லரின் உரிமையாளர் எழுதுகிறேன். எங்களிடம் டை போட்ட ஒரு வாடிக்கையாளருக்குக் காதோரம் ஒவ்வாமை ஏற்பட்டது உண்மை. அவர் டாக்டரைப் பார்த்து, இப்போது நலமாக இருக்கிறார். தீவிர சிகிச்சையில் யாரும் இல்லை. செய்தியோடு வரும் படம் இந்த ஊரில் எடுத்ததல்ல. முன்பு வேறொரு நாட்டில் வெளியானது, இணைப்பு கீழே. அவருக்குப் போட்ட டையின் பெட்டியும் வாங்கிய ரசீதும் கடையில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இனி எங்களிடம் டை போட இரண்டு நாள் முன்பே பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ள வேண்டும். கேள்வி இருந்தால் என் எண்ணுக்கு அழையுங்கள்."

இதில் என்னென்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். வாடிக்கையாளரின் பெயர் இல்லை. அவரோடு நடந்த உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட் இல்லை. கேமரா பதிவு இல்லை. தன் நியாயத்தை நிரூபிக்க ஒரு வாடிக்கையாளரின் அந்தரங்கத்தை வெளியிடும் கடைக்குள் மற்ற பெண்கள் நிம்மதியாக உட்கார மாட்டார்கள். வதந்திச் செய்தியும் திரும்பப் பதிவிடப்படவில்லை. காட்டத்தான் வேண்டுமென்றால் படத்தின் மேல் பெரிதாக 'பொய்' என்று எழுதிக் காட்டலாம். எழுதாமல் போட்டால் அதையே வெட்டி மறுபடி பரப்புவார்கள்.

பதிலுக்குக் கீழே விவாதம் கிளம்பும். "அப்போ ஒத்துக்கிறீங்க இல்ல?" என்று ஒருவர் கேட்பார். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. உண்மையான கேள்வியானால் ஒரு வரி, சீண்டலானால் மௌனம். உறவினர்களையும் நண்பர்களையும் இறக்கி ஆதரவுக் கமெண்ட் போட வைப்பது உடனே தெரிந்துவிடும்.

கடைக்குள்ளும் ஒரு பொதுவெளி இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து புருவம் திருத்திக்கொள்ளும் பெண் உரிமையாளரிடம் கேட்க மாட்டாள். நூல் பிடிக்கும் பெண்ணிடம்தான் கேட்பாள். "என்னமோ சொல்றாங்களே, நிஜமா?" அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். "ஒருத்தருக்கு அலர்ஜி ஆச்சுக்கா, இப்ப நல்லா இருக்காங்க. அந்தப் போட்டோ இங்க எடுத்ததில்ல." இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை கடை திறக்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரையும் உட்காரவைத்து இதைச் சொல்லிவிட வேண்டும். மணப்பெண் அலங்காரம் பதிவு செய்த இரு வீட்டாரையும் அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் உரிமையாளரே அழைக்கலாம். முகூர்த்தக் காலையில் பயந்து ரத்து செய்வதைவிட அது இருவருக்கும் நல்லது.

கூகுள் மேப்ஸில் ஒற்றை நட்சத்திரத்தோடு வரும் விமர்சனம் வேறு வகை. வாட்ஸ்அப் வதந்தி சில நாளில் அடங்கிவிடும். இது வருடக்கணக்கில் நிற்கும். நடந்தது உண்மையா பொய்யா என்று கூகுள் விசாரித்துத் தீர்ப்பு சொல்லாது. போலி விமர்சனம், போட்டியாளர் எழுதியது, வசைமொழி, கடைக்குத் தொடர்பில்லாதது போன்ற விதிமீறல் இருந்தால் மட்டுமே நீக்கும். எந்த விதி மீறப்பட்டது என்பதைத் தேர்ந்து புகார் செய்ய வேண்டும். நிராகரித்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. இடையில், படிக்கப்போகும் புதியவர்களுக்காக ஒரு பதில் எழுதலாம்: "இந்தப் பெயரிலும் நீங்கள் சொல்லும் விவரத்திலும் எங்கள் பதிவேட்டில் வருகை எதுவும் இல்லை. தேதியைச் சொல்லி அழைத்தால் நானே பார்க்கிறேன்." 'நீங்கள் போலி' என்று எழுத வேண்டாம், கணவர் பெயரிலுள்ள கணக்கிலிருந்து எழுதும் உண்மையான வாடிக்கையாளராகவும் இருக்கலாம். சரிக்கட்ட நண்பர்களிடம் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வது கூகுள் விதிப்படி போலி விமர்சனம்தான். கண்டுபிடித்தால் கடையின் பக்கத்துக்கே கட்டுப்பாடு வரும்.

சட்டத்தை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு குற்றம்தான். இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. ஆனால் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிவு செய்யும் குற்றம் அல்ல அது. பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். ஸ்டேஷனில் மனு கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம், பல ஊர்களில் எழுதியவரைக் கூப்பிட்டுப் பேசுவதோடு விஷயம் முடியும். நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடச் செய்தி வெளியான நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. "சர்வீஸ் மோசம், காசுக்கு ஏத்த வேலை இல்லை" என்பது கருத்து. அதை வழக்காக்க முடியாது. "காலாவதியான டை போடுகிறார்கள்" என்பது நிரூபிக்க வேண்டிய கூற்று. அங்கேதான் வழக்குக்கு இடம். தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் செய்து பலனில்லாவிட்டால், முடிவு வந்த 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் gac.gov.in வழியாக முறையிடலாம்.

இவ்வளவு பொறுமையும் பொருந்தாத ஒரு வகைப் பழி இருக்கிறது. பார்லரில் ரகசிய கேமரா, மசாஜ் என்ற பெயரில் வேறு தொழில் என்று கிளப்பிவிடுவார்கள்; சில சமயம் வேலை செய்யும் பெண்களின் படத்தோடும் போடுவார்கள். கடையின் வியாபாரத்தைவிட அந்தப் பெண்களின் வாழ்க்கைதான் அங்கே பணயம். அதற்குத் தனிப் பேச்சு, சமாதானம் என்று நேரம் கடத்தாமல் அன்றே மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கோ cybercrime.gov.in தளத்துக்கோ போக வேண்டும். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள 79-ஆம் பிரிவில் போலீஸே நேரடியாக வழக்குப் பதிவு செய்யலாம். கேமரா வதந்தியானால், போலீசை அழைத்துக் கடையைச் சோதிக்கச் சொல்லி அதை எழுத்தில் வாங்குவதே சரியான பதில். விளக்கம் எழுதும்போது அந்தப் பெண்களின் பெயரோ முகமோ எங்கும் வரக்கூடாது.

நம் உதாரணக் கடைக்குத் திரும்பினால், வந்த போன்களையும் ரத்தானவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வர வேண்டும். நஷ்டஈடு கேட்பதானால் அதுவே கணக்கு. வதந்தி அடங்குகிறதா என்று பார்க்கவும் அதுவே அளவு. ஒரு வாரத்தில் அதைப் பற்றிக் கேட்டு வரும் போன் நின்றுவிட்டால், புதிதாக எந்த விளக்கமும் போட வேண்டியதில்லை. நிற்காமல் வேறு ஊர்க் குரூப்புகளிலும் தொடர்ந்தால், படத்தைச் சேர்த்துப் பரப்பியவர் என்று ஆதாரத்தோடு தெரிந்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். அதில் முதலில் கேட்க வேண்டியது பணத்தை அல்ல. எந்தெந்தக் குரூப்பில் அவர் போட்டாரோ அந்தந்தக் குரூப்பிலேயே அவர் கையால் திருத்தத்தை.